காவல் தெய்வம், சம்மனசு, மலக்கு: களக்குறிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வழிபாடு பற்றிக் களஆய்வுக்கு வரும் மாணவர்களின் குறிப்பேடுகளில் ஆண்டுதோறும் அதே பிழைகள். ஊர்ப்பெயர், தேதிக் குழப்பத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். கீழே உள்ளவற்றைத் திருத்த முடியாது.

மூன்றையும் ஒரே கட்டத்தில் அடைப்பது

ஊர்க்காவல் தெய்வமான அய்யனார், கத்தோலிக்கர் நம்பும் வானதூதரான காவல் சம்மனசு, முஸ்லிம்கள் நம்பும் வானவரான மலக்கு மூவரும் ஒன்றே என்று முதலிலேயே அட்டவணை போட்டுவிடுகிறார்கள். இன்றுவரை எரிச்சலூட்டுவது இதுதான். அட்டவணை தப்பினால் கேள்விகளும் தப்பும். கீழக்கரையில் ஒரு பெரியவரிடம் "எந்த மலக்குக்கு நேர்ச்சை வைப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அதோடு சரி.

மலக்குகள் ஒளியால் படைக்கப்பட்டு, அல்லாஹ்வின் கட்டளையை மட்டும் நிறைவேற்றுபவர்கள். அவர்களிடம் துஆ கேட்பதில்லை. குர்ஆனின் 13ஆம் அத்தியாயம் மனிதனுக்கு முன்னும் பின்னும் காவலிருப்பவர்களையும், 82ஆம் அத்தியாயம் செயல்களை எழுதும் கண்ணியமான எழுத்தர்களையும் சொல்கிறது. ஆளில்லாத இடத்திலும் கணக்கு எழுதப்படுகிறது என்ற உணர்வே நம்புகிறவருக்கு இதில் பெரிது. ஏர்வாடி தர்காவில் நேர்ச்சை செலுத்துகிறவர் நாடி வருவது அங்கே அடங்கியிருக்கும் இபுராஹீம் ஷஹீது வலியுல்லாவை. அவர் மனிதர், மலக்கு அல்ல. அடக்கத்தில் நேர்ச்சை செலுத்துவதையும் ஏற்காத முஸ்லிம்கள் அதே ஊர்களில் உண்டு.

கத்தோலிக்கருக்குக் காவல் சம்மனசு ஆளுக்கு ஒருவர். அவரை நோக்கிச் செபிக்கலாம். அக்டோபர் 2 அவருக்கான திருநாள். தனியே விடப்படவில்லை என்ற துணையுணர்வு அது.

அய்யனார் யாருடைய தூதரும் அல்ல, அவரே தெய்வம். அவர் காப்பது தனி ஆளை விட ஊரை: எல்லையை, கண்மாய்க் கரையை. நேர்த்திக்கு மண்குதிரை செய்து வைப்பார்கள். அவர் சைவம் என்பதால், பக்கத்திலிருக்கும் கருப்பருக்குக் கிடாய் வெட்டும்போது அய்யனாருக்குத் திரை போடும் வழக்கம் பல கோவில்களில் உண்டு. அந்தத் திரையைக் கவனிக்காமல் "அய்யனாருக்குப் பலி" என்று எழுதுகிறவர்கள் ஏராளம்.

ஆகவே அட்டவணைக்கு முன் மூன்று கேள்வி: காப்பது யாரை? தானே தெய்வமா, ஏவலுக்குக் கட்டுப்பட்டவரா? அவரிடமே வேண்டலாமா?

குதிரையைப் பார்த்ததும் முடிவெடுப்பது

குதிரை வீரரெல்லாம் அய்யனார் அல்ல. தங்கச்சிமடத்தில் கோவில் கொண்டிருக்கும் சந்தியாகப்பரையும் குதிரைமேல் காட்டுவது வழக்கம். அவர் இயேசுவின் சீடர், ஏரோது வாளால் கொன்ற மனிதர், சம்மனசும் அல்ல. அதிதூதர் மிக்கேல் என்றால் சிறகு இருக்கும், கையில் வாளோ தராசோ இருக்கும்.

ஜின்னை மலக்காக எழுதுவது

இஸ்லாமிய நம்பிக்கையில் ஜின் மலக்கிலிருந்து வேறான படைப்பு, நெருப்பால் ஆனது. அட்டவணையில் அதற்குத் தனிக் கட்டம்.

இறந்த குழந்தை சம்மனசு

"எம்புள்ள சம்மனசாப் போச்சு" என்று ஒரு தாய் சொன்னால் மேற்கோளில் அப்படியே எழுதுங்கள். திருச்சபையின் போதனை என்று எழுதிவிடாதீர்கள். மனித ஆன்மா சம்மனசாக மாறுவதாக அது சொல்வதில்லை. அதற்காக அந்தத் தாயைத் திருத்தவும் போகாதீர்கள்.