'கல்' என்றால் நேற்றா நாளையா? ஹிந்திச் செய்தியைத் தமிழில் எழுதும்போது விடும் பிழைகள்

ஹிந்தியில் 'கல்' என்பது நேற்றும்தான், நாளையும்தான். 'கல் பேஜா' என்றால் நேற்று அனுப்பினோம், 'கல் பேஜேங்கே' என்றால் நாளை அனுப்புவோம், ஆகவே வினைச்சொல்லைப் பார்த்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொல்லித்தருவார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் அதை மட்டும் நம்பினால் ஓரிடத்தில் கட்டாயம் சறுக்கும்.

யாழ்ப்பாணத்துப் புடவைக்கடை ஒன்றுக்குச் சூரத்திலிருந்து செவ்வாய்க்கிழமை மாலை இப்படி ஒரு குரல்பதிவு வருகிறது என்று வையுங்கள்: 'கல் பேஜா தோ சுக்ரவார் தக் பஹுஞ்சேகா.' 'பேஜா' என்பது இறந்தகாலம் என்று பிடித்துக்கொண்டு, 'நேற்று அனுப்பியாச்சு, வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும்' என்று முதலாளியிடம் சொன்னால் கதை கந்தல், ஏனென்றால் சரக்கு இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. பின்னால் வருகிற அந்தச் சின்ன 'தோ'தான் விஷயம். ஹிந்தியில் நிபந்தனை சொல்லும்போது இறந்தகால வடிவமே எதிர்காலத்துக்கும் வரும். 'நாளை அனுப்பினால் வெள்ளிக்குள் வந்து சேரும்' என்பதுதான் பொருள். நேற்று அனுப்பாமல் விட்டதை வைத்து நிபந்தனை சொன்னால் அவர் 'கல் பேஜ்தே தோ' என்றிருப்பார், அதாவது நேற்று அனுப்பியிருந்தால். 'பேஜா தோ', 'பேஜ்தே தோ' இரண்டையும் காதில் பிரித்துக் கேட்கப் பழகுங்கள்.

தமிழிலும் கவனம் வேண்டும். நம் 'அனுப்பினால்' தானாகக் காலம் காட்டாது, அதனால் 'நாளை' என்ற சொல்லை விட்டுவிட்டால் வாசிப்பவர் எதையும் நினைத்துக்கொள்ளலாம்.

வினையே இல்லாத செய்தி இன்னும் மோசம். 'கல் கா பார்சல்' என்று மட்டும் வந்தால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஊகிக்காமல் திருப்பிக் கேளுங்கள். எந்த 'கல்' என்று சுற்றிவளைக்கத் தேவையில்லை, 'பேஜ் தியா, யா பேஜ்னா ஹை?' (அனுப்பியாச்சா, இனித்தான் அனுப்பணுமா?) என்றால் வேலை முடிந்தது. பதில் வந்ததும் 'நாளைய பார்சல்' என்று எழுதாதீர்கள், அது நாளை போவதா வருவதா என்று அடுத்த குழப்பம். 'நேற்று அனுப்பிய பார்சல்', 'நாளை அனுப்பும் பார்சல்' என்று எச்சத்தோடு எழுதினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

'பர்சோங்' என்ற சொல்லும் இதே ரகம்: முந்தநாளாகவும் இருக்கும், நாளையிண்டைக்காகவும் இருக்கும். அப்புறம், நாம் சொல்லும் 'நாளையிண்டைக்கு' சென்னைக்காரருக்கு விளங்காமல் போகலாம், அவர்களுக்கு 'நாளை மறுநாள்' என்று எழுதுங்கள்.

செவ்வாய் மாலை வந்ததைப் புதன் காலை இன்னொருவருக்கு அனுப்பும்போது 'நாளை' என்பதை அப்படியே விட்டால், அவர் வியாழன் என்று எடுத்துக்கொள்வார். அங்கே 'புதன், 12ஆம் திகதி' என்று கிழமையும் திகதியும் சேர்த்தே போடுங்கள்.