கால வரிசையைக் கலைக்கும்போது நேரும் தவறுகள்

மேற்படிப்புக்கான நோக்க அறிக்கையின் முதல் வரைவு பெரும்பாலும் பள்ளியில் தொடங்கி, கல்லூரி, பயிற்சி, வேலை என்று ஆண்டுவாரியாக நடந்து வரும். அந்த வரிசைதான் சுயவிவரத்தில் ஏற்கெனவே இருக்கிறதே. அதனால் கருப்பொருள்வாரியாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றும்போதுதான் சிக்கல்.

முதல் தவறு, பத்திகளை முழுசாக வெட்டி இடம் மாற்றுவது. கால வரிசையில் எழுதிய ஒரு பத்திக்குள் இரண்டு மூன்று பொருள்கள் கலந்து கிடக்கும். ஒரு மாணவியின் வரைவை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டில் மண் ஈரத்தை அளக்கும் உணரிகளை வயலில் பதித்தாள். மழைக்குப் பின் அவை தவறான அளவு காட்டின. இறுதியாண்டில் பாசன நீர்த் தேவையைக் கணிக்கும் மாதிரி ஒன்றை உருவாக்கினாள். பிறகு வேலையில் வானிலை நிலையத் தரவுகளைச் சரிபார்த்தபோது, உணரிகளில் கண்டது போன்ற பிழையையே கண்டாள். வரைவில் முதல் செய்திக்கும் மூன்றாவதுக்கும் இடையே ஒரு பக்கம் இருந்தது. இரண்டும் அடுத்தடுத்து வந்தால்தான் 'கருவி காட்டுவதை எவ்வளவு நம்பலாம்' என்ற கேள்வி அவளை விடாமல் தொடர்வது தெரியும். ஆகவே பிரிக்க வேண்டியது வாக்கியங்களை. ஒரு வரிக்கு ஒரு வாக்கியமாக எழுதி, ஓரத்தில் பொருளைக் குறித்து, பிறகு சேர்க்க வேண்டும்.

அந்தக் குறிப்பு 'தலைமைப் பண்பு', 'கடின உழைப்பு' என்று இருந்தால் வேலை கெட்டது. குணங்களின் கீழ் எதை வேண்டுமானாலும் அடுக்கலாம். துறை சார்ந்த கேள்விகளாக, இரண்டோ மூன்றோ போதும். அவளுக்கு அளவீட்டுப் பிழை ஒன்று, கணிப்பு மாதிரி மற்றொன்று. இவை இரண்டையும் விண்ணப்பிக்கும் துறையில் எங்கே தொடரலாம் என்பது மூன்றாவது.

வாக்கியங்கள் இடம் மாறியதும் 'அடுத்த ஆண்டு', 'இதன் பிறகு', 'அந்தத் திட்டத்தில்' போன்ற சொற்கள் அநாதையாகிவிடும். எழுதியவர் கண்ணுக்கு இது படவே படாது, அவருக்குத்தான் கதை தெரியுமே! 'அடுத்த ஆண்டு இந்தத் தரவைக் கொண்டு' என்பதை 'இறுதியாண்டில், வயல் உணரிகளின் தரவைக் கொண்டு' என்று மாற்ற வேண்டும். ஒரே திட்டம் இரண்டு பத்திகளில் வந்தால் அறிமுகம் முதல் இடத்தில் மட்டும் போதும்.

காலத்தை அடியோடு துடைப்பதும் தவறுதான். பத்திக்குள் நிகழ்வுகள் நடந்த வரிசையிலேயே இருக்கட்டும். படிப்பில் இடைவெளி விழுந்திருந்தால் ஆண்டைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மறைப்பதாகவே தோன்றும்.

முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வாசியுங்கள். எல்லாமே ஆண்டில் தொடங்கினால் பழைய வரிசை இன்னும் போகவில்லை. எந்தக் குறிப்பின் கீழும் அடங்காத வாக்கியங்கள் கடைசியில் மிஞ்சும். அந்த மாணவிக்கு மிஞ்சியது பள்ளி வினாடி வினாப் பரிசு. அது சுயவிவரத்துக்குப் போனது.