தொடுபலகை அழுந்தாதபோது பேட்டரியைப் பார்க்க வேண்டும்

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் என் உறவினர் ஒருவர், தம் மடிக்கணினியின் தொடுபலகை பழுதாகிவிட்டது என்றும் எவ்வளவு அழுத்தினாலும் சொடுக்கு விழவில்லை என்றும் சென்ற மாதம் சொன்னார். கம்பியில்லாச் சுட்டி ஒன்றை வாங்கி அவர் வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை என்பதால் இரவில் அதன்மேல் தடித்த அகராதி ஒன்றையும் வைத்து வந்தார். மேசையில் வைத்துப் பார்த்தபோது கணினி ஒரு பக்கம் லேசாக ஆடியது. தொடுபலகையில் எந்தக் குறையும் இல்லை. அதன் அடியில் இருந்த பேட்டரி உப்பி அதை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. கைப்பேசியாக இருந்தால் திரையின் ஓரத்தில் இடைவெளி தெரியும், அல்லது பின்மூடி பிதுங்கி நிற்கும்.

இவற்றை வெறும் பாகக் கோளாறு என்று எண்ணுவதே முதல் தவறு. மெல்லிய மடிக்கணினிகளிலும் கைப்பேசிகளிலும் உள்ள லித்தியம்-அயான் கலம், அலுமினியத் தாள் கலந்த உறையில் காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டது. அதனுள் மின்முனைத் தகடுகளும் அவற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் படலமும் அடுக்கடுக்காக இருக்க, அவற்றுக்கிடையே எளிதில் தீப்பற்றக்கூடிய கரிமத் திரவம் ஊறியிருக்கும். முதுமை, வெப்பம், அளவுக்கு மீறிய மின்னேற்றம், உற்பத்திக் குறை ஆகியவற்றால் அந்தத் திரவம் சிதையும்போது கரியமில வாயு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன் போன்ற வாயுக்கள் உண்டாகின்றன. வெளியேற வழியின்றி அவை உறையை ஊதிப் பெரிதாக்குகின்றன. ஆகவே உப்பல் என்பது உள்ளே ஏற்கெனவே நடந்து முடிந்த சிதைவின் தடயமாகும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வாயு சற்றுச் சுருங்கலாம், ஆனால் சிதைந்த திரவம் பழைய நிலைக்குத் திரும்பாது. உறவினரின் கணினி மூன்று ஆண்டுகளாக எப்போதும் மின்னேற்றியோடு இணைக்கப்பட்டு, நூறு விழுக்காட்டிலேயே சூடாக இருந்து வந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது கலத்தை விரைவாகவே முதுமையாக்கும்.

"சார்ஜ் நிற்கிறதே, பிறகென்ன?" என்று அவர் கேட்டார். விண்டோஸில் `powercfg /batteryreport` என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தோம். `DESIGN CAPACITY` 50,000 mWh என்றும் `FULL CHARGE CAPACITY` 43,500 mWh என்றும் காட்டியது; அதாவது 87 விழுக்காடு. இந்த எண் கலத்தில் எவ்வளவு மின்சாரம் தேங்குகிறது என்பதை மட்டுமே சொல்லும். வாயு சேர்ந்திருப்பதையோ அடுக்குகள் விலகியிருப்பதையோ சொல்லாது. நல்ல எண்ணைக் கண்டு உப்பலைப் புறக்கணிப்பது இரண்டாவது தவறு.

உப்பிய ஒவ்வொரு பேட்டரியும் தீப்பிடிப்பதில்லை என்பது உண்மைதான். எனினும் எது பிடிக்கும் என்று வெளியிலிருந்து கணிக்க முடியாது. வாயு தகடுகளைச் சமமின்றிப் பிரிக்கும்போது மின்னோட்டம் சில இடங்களில் குவிகிறது. அங்கே லித்தியம் உலோகமாகப் படியக்கூடும். தகடுகளைப் பிரிக்கும், தலைமுடியை விட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஓரிடத்தில் கிழிந்தாலும் மின்முனைகள் ஒன்றையொன்று தொட்டு, வெப்பம் எழுந்து, அந்த வெப்பமே சிதைவை மேலும் தூண்டி, கட்டுக்கடங்காமல் போகும். மின்னேற்றம் செய்வதும் கணினியை இயக்குவதும் பழுதான கலத்தின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்துவதாகும். இதனால்தான் பயன்பாட்டை உடனே நிறுத்த வேண்டும். கோப்புகளை நகலெடுத்துவிட்டு நிறுத்தலாம் என்று காத்திருப்பதும் சரியன்று. பெரும்பாலும் பேட்டரியை அகற்றிய பிறகும் சேமிப்பகத்தைப் படிக்க இயலும்.

மேலிருந்து அழுத்துவதும், வாயுவை வெளியேற்ற ஊசியால் குத்துவதும் இவற்றையெல்லாம் விட மோசமானவை. குத்தும் ஊசியே மின்முனைகளை இணைத்துவிடலாம். வெளிவரும் ஆவியில் நச்சும் இருக்கலாம். கணினியை அணைத்து, மின்னேற்றியைக் கழற்றி, திரைச்சீலையும் மெத்தையும் இல்லாத ஓடு பதித்த தரையில், வாசலை அடைக்காத இடத்தில் வைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரை அழைக்கலாம். சூடேறினாலோ, சீறல் ஒலியோ கரைப்பான் போன்ற வாடையோ வந்தாலோ, அதைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் அனைவரும் வெளியேறி, கதவை மூடி, தீயணைப்புக்கான 995ஐ அழைக்க வேண்டும்.

வீவக வீட்டின் குப்பைக் குழாயில் போட்டால் குப்பை லாரியில் நசுங்கித் தீப்பற்றலாம். பொது இடங்களில் உள்ள மின்கழிவுத் தொட்டியும் உப்பிய பேட்டரிக்கு உரியதன்று. மின்கழிவுச் சேகரிப்பு நிலையத்தில் அதைப் பெற்றுக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டு, நேரில் ஒப்படைப்பதே முறை. சென்னைக்குப் போகும்போது மலிவாக மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் உதவாது, ஏனெனில் பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுசெல்லக் கூடாது.

உறவினரின் கணினியைத் திறந்தபோது, மூன்று கலங்களில் நடுவிலிருந்த ஒன்று மட்டுமே உப்பியிருந்தது. அதன் உறையில், தொடுபலகைச் சட்டத்தின் விளிம்பு பதிந்து ஒரு நீண்ட பள்ளம் தெரிந்தது. அகராதி வைத்த இடத்திற்கு நேர் கீழே.