ஆர்க்கிடெக்ட் பில்லில் 35% என்றால் எதில் 35%?

சென்னையில் வீடு கட்டுபவர்கள் ஆர்க்கிடெக்ட் பில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அதிலுள்ள சதவீதம் அந்தக் கட்டத்துக்கு மட்டுமா, அதுவரைக்கும் சேர்த்தா என்பதைத்தான். பெரும்பாலான சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

மடிப்பாக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீடு 80 லட்சம், கட்டணம் 6%, அதாவது 4,80,000 ரூபாய். கான்செப்ட் டிராயிங் முடியும்போது 20%, அனுமதிக்கான வரைபடம் முடியும்போது மொத்தம் 35% என்று ஒப்பந்தம். முதல் கட்டத்துக்கு 96,000 கொடுத்தாயிற்று. பிறகு மாடியில் ஒரு போர்ஷன் சேர்த்ததில் மதிப்பீடு 1 கோடி ஆகிறது; கட்டணம் 6 லட்சம்.

அடுத்த பில் எவ்வளவு? 6 லட்சத்தில் 35%, 2,10,000. அதில் கொடுத்த 96,000 போக 1,14,000. இதற்கு மேல் 18% ஜிஎஸ்டி 20,520.

கழிக்காமல் 2,10,000 என்றே பில் வந்தால் உங்களுக்கு நஷ்டம். வெறும் 15% போட்டு 90,000 என்றால் ஆர்க்கிடெக்டுக்கு 24,000 குறைகிறது, அதுவும் நியாயமில்லை. மதிப்பீடு மாறினால் முடிந்த கட்டத்துக்கும் புதுக் கணக்கா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மனை விலையும் மாநகராட்சிக்குக் கட்டும் அனுமதிக் கட்டணமும் அந்த மதிப்பீட்டில் சேரக் கூடாது என்றும் ஒரு வரி இருக்கட்டும். ஒவ்வொரு பில்லிலும் ‘இதுவரை பெற்றது’ என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள்.