ரயில் 40-ல் ஊர்ந்தால் எத்தனை நிமிடம் போகும்? கணக்கிடும் முறை

சுங்கை சிப்புட்டில் ரயிலுக்குக் காத்திருப்பவர்களிடையே இந்தக் கணக்கு அடிக்கடி தப்பாகிறது. "இருநூறு மீட்டர்தானே மெதுவாகப் போகிறது, அதற்கு எப்படி ஒரு நிமிடத்துக்கு மேல் தாமதமாகும்?" என்று என் மாமா கேட்டார். ஆகும். எப்படி என்பதற்கே இந்தப் பதிவு.

தண்டவாளத்துக்கு அடியில் உள்ள ஜல்லியைப் புதிதாக இறுக்கியபின், அது நன்றாகப் படியும்வரை அந்தப் பகுதியில் வேகத்தைக் குறைப்பார்கள். மழையில் மண் இளகினாலும் இதே கதைதான். இதுவே தற்காலிக வேகக் கட்டுப்பாடு. வழக்கமான வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர், கட்டுப்பாடு 40, நீளம் 200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மலேசியாவின் வடக்கு வழித்தடத்தில் ஓடும் ஈ.டி.எஸ். மின்சார ரயிலின் உச்ச வேகமும் 140 தான்.

படி 1: வேகங்களை மாற்றுங்கள்

கி.மீ. வேகத்தை 3.6-ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 140 என்பது 38.9, 40 என்பது 11.1.

படி 2: ரயிலின் நீளத்தைக் கூட்டுங்கள்

எஞ்சின் முனை கட்டுப்பாட்டைத் தாண்டியதும் ஓட்டுநர் வேகமெடுக்க முடியாது. கடைசிப் பெட்டியும் வெளியே வர வேண்டும். ஆறு பெட்டி ரயிலைச் சுமார் 140 மீட்டர் என்று கொண்டால், மெதுவாகப் போகும் தூரம் 340 மீட்டர். அதைக் கடக்க 40-ல் 30.6 வினாடியும், 140-ல் 8.7 வினாடியும் ஆகும். இழப்பு ஏறக்குறைய 22 வினாடி.

படி 3: பிரேக்கும் முடுக்கமும்

பெரும்பாலோர் இரண்டாம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பெரிய இழப்பு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 140-லிருந்து 40-க்கு ரயில் ஒரே நொடியில் இறங்காது. கட்டுப்பாடு தொடங்கும் இடத்துக்குள் வேகம் 40-க்கு வந்துவிட்டிருக்க வேண்டும் என்பதால், ஒரு கிலோமீட்டருக்கும் முன்னதாகவே பிரேக் போட வேண்டியிருக்கும். தாண்டியபின் மறுபடி 140-ஐ எட்ட அதைவிட நீண்ட தூரம் தேவை. இரண்டுக்கும் ஒரே சூத்திரம்:

```
இழப்பு = (V - v)² / (2 × a × V)
```

V வழக்கமான வேகம், v குறைந்த வேகம், இரண்டும் வினாடிக்கு மீட்டரில். a என்பது வேகம் மாறும் வீதம். பிரேக்குக்கு 0.5, முடுக்கத்துக்குச் சராசரியாக 0.3 (ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு அத்தனை மீட்டர்) என்று நான் எடுக்கிறேன். உங்கள் ரயிலுக்கு வேறு எண் கிடைத்தால் அதைப் போடுங்கள். வேக வேறுபாடு 27.8, அதன் வர்க்கம் சுமார் 772. பிரேக்கில் 20 வினாடியும் முடுக்கத்தில் 33 வினாடியும் போகின்றன.

மொத்தம் 22 + 20 + 33 = 75 வினாடி. ரயிலின் நீளத்தையும் மூன்றாம் படியையும் விட்டுவிட்டால் வெறும் 13 வினாடிதான் வந்திருக்கும்.

அதே கட்டுப்பாடு 2 கிலோமீட்டருக்கு நீண்டால்? இரண்டாம் படியின் விடை மட்டும் 138 வினாடியாக மாறுகிறது. மூன்றாம் படியின் 53 அப்படியே நிற்கிறது. மொத்தம் 191. நீளம் பத்து மடங்காகியும் இழப்பு மும்மடங்கைக்கூட எட்டவில்லை. அதனால்தான் குட்டிக் குட்டியாகச் சிதறிய கட்டுப்பாடுகள் ஒரே நீளமான கட்டுப்பாட்டைவிட மோசமானவை.

இதற்கு எக்ஸெல் எல்லாம் வேண்டாம் என்பேன். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். எந்தப் படியில் எவ்வளவு போனது என்பது கண்முன் இருக்கும். ரயிலுக்குள் அளக்க, ஜி.பி.எஸ். வேகம் காட்டும் கைப்பேசிச் செயலி ஒன்று போதும். ஜன்னலோரம் உட்காருங்கள்.

பின்சேர்க்கை: நிலையத்தை ஒட்டியிருந்தால்

தோட்டத்து வாசகர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, ரயில் நின்று புறப்படும் இடத்திலேயே கட்டுப்பாடு இருந்தால்?" நல்ல கேள்வி. ரயிலின் முகப்பு நிற்கும் இடத்திலிருந்து அந்த 200 மீட்டர் தொடங்கினால், 0-லிருந்து 40-ஐ எட்டவே ஏறக்குறைய 206 மீட்டர் ஓடிவிடும். மீதம், வால்பகுதி வெளியேறும்வரை 134 மீட்டர் மட்டுமே 40-ல் ஓட வேண்டும். இழப்பு 9 வினாடிக்குள். 75 எங்கே, 9 எங்கே! அதே நீளம், அதே வேகம்; இடம் மட்டும்தான் வேறு.

இரண்டு கட்டுப்பாடுகள் நெருக்கமாக இருந்தால் இழப்புகளை அப்படியே கூட்டாதீர்கள். இடையில் 1 கிலோமீட்டர் மட்டும் இருந்தால் ரயில் 76-ஐத் தொட்டதும் மறுபடி பிரேக் போட வேண்டும். மொத்த இழப்பு 150 அல்ல, சுமார் 128 வினாடி.

படி 4: கால அட்டவணையோடு ஒப்பிடுங்கள்

பாடாங் பெசாரிலிருந்து கே.எல். சென்ட்ரல்வரை ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். அத்தகைய அட்டவணைகளில் சில நிமிடங்களைக் கூடுதலாக வைத்திருப்பார்கள். 75 வினாடியை அது விழுங்கிவிடும். கடைசி நிலையத்தில் பார்த்தால் ரயில் நேரத்துக்கு வந்ததாகவே தெரியும். ஆகவே கட்டுப்பாட்டுக்கு முந்தைய நிலையத்தில் ரயில் புறப்படும் நேரத்தையும் அடுத்த நிலையத்தில் வந்து நிற்கும் நேரத்தையும் குறியுங்கள். கட்டுப்பாடு இல்லாத நாளின் அதே இரு நேரங்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வெளிப்படும். இதே மாதிரி ஐந்தாறு கட்டுப்பாடுகள் பாதை நெடுகச் சிதறியிருந்தால் இழப்பு ஆறேழு நிமிடம் வரை போகும். அதை ஒளித்து வைக்க அட்டவணையில் இடம் இருக்காது.