சாவி கைக்கு வருமுன் பணத்தை அனுப்பலாமா?

வெளிநாட்டுக்குப் புறப்படுமுன்பே வீட்டை உறுதிசெய்துவிட வேண்டும் என்ற அவசரம் இயல்பானதுதான். மோசடிக்காரர்கள் குறிவைப்பதும் அதைத்தான்.

நல்ல பகுதியில் அழகான வீடு, ஆனால் வாடகை அக்கம்பக்கத்தைவிட மிகக் குறைவு. விசாரித்தால் உரிமையாளர் கனிவாக எழுதுகிறார்: "நான் இப்போது வேறு நாட்டில் வேலையில் இருக்கிறேன். முன்பணத்தையும் முதல் மாத வாடகையையும் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன். பிடிக்காவிட்டால் பணம் வாபஸ்." நம்பிக்கைக்காகப் பாஸ்போர்ட் நகலும் வருகிறது. அது முன்பு ஏமாந்த வேறொருவருடையதாக இருக்கலாம். பதிலுக்கு உங்கள் நகலை அனுப்பினால், அடுத்த ஏமாற்றுக்கு அது பயன்படும்.

விளம்பரப் படங்களைக் கூகுள் லென்ஸில் தேடுங்கள். அதே அறை வேறு ஊர் விளம்பரத்தில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பதிவுசெய்த வீடியோவை ஏற்காமல், நேரலை அழைப்பில் தெருவாசல் எண்ணிலிருந்து வீட்டுக்குள் நடந்துவரச் சொல்லுங்கள். இதுவும் முழுச் சான்று ஆகாது. சில நாள் வாடகைக்கு எடுத்த வீட்டைத் தன்னுடையது என்று காட்டுபவர்களும் உண்டு. ஆகவே ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சொத்துப் பதிவேடு பொதுவில் திறந்திருக்கும் நாடுகளில் உரிமையாளர் யார் என்பதையும் சரிபார்த்துவிடலாம். பரிசு அட்டையிலோ கிரிப்டோவிலோ பணம் கேட்டால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அப்படிப் போன பணம் திரும்புவது மிக அரிது.

என் கருத்தில், முதல் இரண்டு வாரங்களுக்கு ஒரு விடுதியில் அறை எடுத்துக்கொண்டு, வீட்டை நேரில் பார்த்தபின் கையெழுத்திடுவதே நல்லது. விடுதிச் செலவு கூடுதல்தான். ஆனால் பறிபோகும் முன்பணத்தோடு ஒப்பிட்டால் அது சிறியது.

முன்பணத்துக்குச் சட்ட வரம்பு உண்டா என்று கேட்காமல் கொடுப்பது அடுத்த தவறு. ஜெர்மனியில் இதர செலவுகள் சேராத வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் கேட்க முடியாது. அதையும் மூன்று மாதத் தவணைகளில் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் சேதத்துக்கென முன்பணம் வாங்குவதே சட்டவிரோதம். கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டியே வாங்கலாம். இங்கிலாந்தில் பொதுவாக ஐந்து வார வாடகையே உச்சம். அங்கு அந்தத் தொகையை 30 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும்; எந்தத் திட்டம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை நிதானமாகப் படியுங்கள். இடையில் வெளியேற எத்தனை மாத முன்னறிவிப்பு தேவை என்பது ஒன்று. நண்பர்களோடு சேர்ந்து கையெழுத்திடும்போது வரும் கூட்டுப் பொறுப்பு மற்றொன்று. அப்படி ஒரு விதி இருந்தால், மூவரில் ஒருவர் கட்டாமல் போனாலும் அவர் பங்கை மற்ற இருவரிடமும் கேட்கலாம்.

குடியேறும் நாளில் பெட்டியைப் பிரிக்குமுன், சுவர்க் கறை, குழாய்க் கசிவு, மீட்டர் அளவு எல்லாவற்றையும் படமெடுத்து அன்றே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பழைய கறைக்காக உங்கள் முன்பணத்தில் கைவைத்தால், அந்தத் தேதியிட்ட மின்னஞ்சல்தான் உங்கள் சான்று.