செப்டம்பர் மாதக் கணக்கில் இடித்த 15,050 ரூபாய்

அம்பாசமுத்திரத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். 2025 செப்டம்பர் மாத விற்பனையை வரி விகித வாரியாகத் தொகுத்து, தாக்கல் செய்த விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 உடன் ஒப்பிட்டேன். வரிக்கு முந்தைய விற்பனை மதிப்பு இரண்டிலும் ஒன்றுதான். வரி மட்டும் என் தொகுப்பில் 15,050 ரூபாய் குறைந்தது.

“கூடுதலாகக் கட்டிவிட்டோமா?” என்று அண்ணாச்சி பதறினார்.

மதிப்பு பொருந்தி வரி மட்டும் பொருந்தாவிட்டால், பில் விடுபடவில்லை, விகிதம்தான் மாறியிருக்கிறது. அந்த மாதம் 22ஆம் தேதி பாத்திரங்களுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. இடைவெளி 7 சதவீதம். 15,050ஐ 0.07ஆல் வகுத்தேன்: 2,15,000. முதல் 21 நாட்களின் பாத்திர விற்பனையும் சரியாக அதுவே!

என் தொகுப்பு, பில்லில் அச்சான விகிதத்தை விட்டுவிட்டு, பொருள் பட்டியலில் இப்போதுள்ள 5 சதவீதத்தை எடுத்திருந்தது. பழைய பில்களுக்கும் புது விகிதம் விழுந்துவிட்டது. பில்லில் அச்சான விகிதத்தை D பத்தியிலும் மதிப்பை F பத்தியிலும் வைத்துக் கூட்டினேன்:

```
=SUMIFS(F:F,D:D,12)
```

2,15,000 வந்தது. ரிட்டர்ன் சரியாகவே இருந்தது, அதில் கைவைக்கவில்லை. 22க்குப் பிறகும் 12 சதவீதம் போட்ட பில் உண்டா என்று மட்டும் தேதிவாரியாகத் தேடினேன். ஒன்றும் இல்லை.